சாயும் விறகு

இந்த வருஷம் மனைவிக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று கண்ணாடிக்காரர் மார்கழி பிறந்ததுமே முடிவெடுத்துவிட்டார். முடிவை எடுத்தது நாற்காலியில் சாய்ந்தபடி. அவர் வாழ்க்கையின் முக்கியமான முடிவுகள் எல்லாமே அந்த நாற்காலியில் சாய்ந்தபடி எடுத்தவைதான். பாதி முடிவுகள் குறட்டையில் கலைந்துபோனது வேறு விஷயம்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. மரச்சட்டத்தில் துணி கட்டிய சாய்வு நாற்காலி. ஒரு கால் குட்டை, அதற்கு அடியில் காலியான மூக்குக்கண்ணாடிப் பெட்டி ஒன்று முட்டுக் கொடுத்திருக்கும். உட்கார்ந்தால் முனகும், எழுந்தால் அலறும். வலது கைப்பிடியில் தலை நீட்டிய ஆணி வீட்டம்மாவின் புடவைகளைப் பதம் பார்ப்பதற்கென்றே பிறந்தது. இடது கைப்பிடியில் காபி டம்ளரை வைத்து வைத்து வட்டமாக ஒரு கறை. அந்தக் கறையைக் கண்ணாடிக்காரர் தன் பதவி முத்திரையாகக் கருதினார்.

சிக்கல் என்னவென்றால், நாற்காலி இருந்தது ஜன்னல் ஓரத்தில். வீட்டில் நல்ல வெளிச்சம் வரும் ஒரே ஜன்னல் அதுதான். வீட்டம்மா ரவிக்கை தைப்பவர். அவருடைய தையல் மிஷின் படுக்கையறை மூலையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, குழல் விளக்கின் தயவில் இருந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதரின் மனைவி, ஊசிக் காதைத் தடவிப் பார்த்துத்தான் நூல் கோத்தார். கண்ணாடிக்காரருக்கு இது தெரியாது. அவர் ஜன்னல் ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, போகிக்கு அந்த நாற்காலி வெளிய போகுது."

"எந்த நாற்காலி?"

"நம்ம வீட்டுல அழுற நாற்காலி ஒண்ணுதானே."

"அது அழல. பேசுது. ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்கோம்."

"பேசி முடிச்சுக்கங்க. போகிக்குள்ள."

கண்ணாடிக்காரர் வாயை மூடிக்கொண்டார். வாய் மூடியிருக்கும்போதுதான் அவருக்கு மூளை வேலை செய்யும், ஆனால் அது அடிக்கடி நடப்பதில்லை.

மூளை சொன்ன யோசனை இதுதான். பக்கத்துத் தெருவில், வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்த தச்சர் ஒருவர் இருந்தார். அவருக்கும் அவர் மனைவிக்கும் வீட்டில் பேச்சு ஸ்பானிஷ். மனைவி சலூன் வைத்திருப்பவர். இருவருக்கும் கண்ணாடி போட்டுவிட்ட வகையில் பழக்கமாகி, பழக்கம் நட்பாகி, நட்பின் ஆர்வத்தில் கண்ணாடிக்காரர் மாலை வகுப்புக்குப் போய் ஸ்பானிஷே கற்றுக்கொண்டார். இந்தப் பொங்கலுக்கு அவர்களை அழைத்திருந்தார்கள். வீட்டம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது. தச்சருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் இருப்பவர் வைத்ததுதான் சட்டம்.

ஒரு மாலை, வீட்டம்மா ரவிக்கை கொடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, நாற்காலியை மடக்கித் தோளில் தூக்கிக்கொண்டு அவர் தச்சர் பட்டறைக்குப் போனார்.

"எங்க பண்டிகைல ஒரு வழக்கம் இருக்கு," என்று ஸ்பானிஷில் கூசாமல் ஆரம்பித்தார். "ரொம்ப நாளாப் புழங்கின, மனசுக்குப் பிடிச்ச பழைய பொருள் ஒண்ணை நண்பர்கிட்ட ஒப்படைக்கணும். பண்டிகை அன்னிக்கு அந்த நண்பர் அதைக் கையோட எடுத்துக்கிட்டு வரணும். வீட்டுக்காரங்க அதை மறுக்கவே கூடாது."

தச்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். தன்னை இப்படி ஒரு சடங்குக்குத் தேர்ந்தெடுத்ததில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியை மரத்தூள் படாத மேஜைமேல் வைத்து, சுத்தமான துணி போட்டு மூடினார்.

கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்தார். "தூக்கிப் போட்டுட்டேன்," என்றார்.

"எதை?"

"நாற்காலியைத்தான். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். காபி இருக்கா?"

காபி வந்தது. குடித்துவிட்டு இன்னொரு காபியும் கேட்டார். வீட்டம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையைப் பார்த்தார். பையின் ஓரத்தில் மரத்தூள் பொன்னிறமாக ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது காபியையும் கொண்டுவந்து கொடுத்தார்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு தச்சரும் சலூன்காரம்மாவும் சாயங்காலம் வந்தார்கள், பண்டிகை என்னவென்று தெரிந்துகொண்டு வந்தால்தான் மரியாதை என்று. சமையலறை மேடையில் வீட்டம்மா எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தார். கண்ணாடிக்காரர் கடையில் எழுத்துப் பலகையைச் சுட்டும் குச்சியைக் கொண்டுவந்திருந்தார்.

"இது பச்சரிசி. அர்ரோஸ். புதுசா அறுத்த நெல்லுல வந்தது. பண்டிகையே அதுக்குத்தான். அறுவடை, அதாவது கோசேச்சா. இது பால், லெச்சே. இது பயத்தம்பருப்பு, வறுத்தது. இது ஏலக்காய். இது திராட்சை, பாசாஸ். நெய்க்கு உங்ககிட்ட ஒரு வார்த்தைல பேர் இல்ல, வெண்ணெயைக் காய்ச்சித் தெளிய வெச்சதுன்னு நீளமாத்தான் சொல்லணும்."

சலூன்காரம்மா நெய்க் கிண்ணத்தில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். பேரில்லாவிட்டாலும் பரவாயில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வெல்லம் வந்தபோதுதான் சண்டை வந்தது. கண்ணாடிக்காரர் வகுப்பில் படித்தபடி "பனேலா" என்றார். தச்சர் ஒரு துண்டை வாயில் போட்டு, "பனேலாவேதான், எங்க ஊர்ல கரும்புச் சாறைக் காய்ச்சி இப்படித்தான் அச்சுல ஊத்துவோம்," என்று குதித்தார். சலூன்காரம்மா வேறு நாட்டுக்காரர். "பனேலாங்கிறது பாலாடைக்கட்டி. இதுக்குப் பேரு பிலோன்சீயோ," என்றார். தச்சர் இல்லை என்றார். சலூன்காரம்மா ஒரு பார்வை பார்த்தார். தச்சர், பிலோன்சீயோவாகவும் இருக்கலாம் என்றார்.

வீட்டம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் நடந்தது முழுக்கப் புரிந்தது. சலூன்காரம்மாவின் கையில் இன்னொரு துண்டு வெல்லம் வைத்தார்.

கண்ணாடிக்காரர் பொங்கல் நாளுக்குத் தாவினார். "காலைல, சூரியன் பார்க்க, வெளிய அடுப்பு கூட்டி, பால் பொங்கி வழியுற வரைக்கும்..."

"ஏங்க, முதல் நாளை விட்டுட்டீங்களே. போகிங்கிற பேரே காதுல விழல."

"முதல் நாள்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

"போகியைச் சொல்லுங்க. விருந்தாளிக்கு அரைகுறையாச் சொல்லக் கூடாது."

சமாளிக்க வழியில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். மார்கழியின் கடைசி நாள் போகி. வீட்டை ஒட்டடை அடித்து, கழுவி, சுத்தம் செய்வது. கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், உடைந்த சாமான் என்று உதவாத பழசையெல்லாம் விடியற்காலையில் நெருப்பில் போட்டுவிடுவது. பழசு போனால்தான் தை பிறக்கும்போது புதுசுக்கு இடம். அவர் கெட்டிக்காரர், ஆனால் ஸ்பானிஷில் பொய் சொல்லும் அளவுக்கு வேகமில்லை. பட்டறையில் சொன்ன பொய்யை வீட்டிலேயே பல தடவை ஒத்திகை பார்த்திருந்தார். இது திடீர் கேள்வி. உண்மை தானாக வந்துவிட்டது.

தச்சர் புருவத்தைச் சுருக்கினார். "பழசு நெருப்புக்குப் போகணும். அப்ப என்கிட்ட ஒப்படைச்சது?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, முதுகைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிக் காட்டினார். "அது பண்டிகை அன்னிக்கு நெருப்புக்குப் போகுமா?"

"என்ன கேக்குறாரு?" என்றார் வீட்டம்மா.

கண்ணாடிக்காரருக்கு வேர்த்துவிட்டது. "அதுவா. அடுப்புக்கு விறகு வேணுமான்னு கேக்குறாரு."

"வேணும்னு சொல்லுங்க."

"நான் அப்புறமாச் சொல்லிக்கிறேன்."

"அப்புறம் என்ன அப்புறம். நம்மகிட்ட எங்க விறகு இருக்கு." வீட்டம்மா தச்சரைப் பார்த்துத் திரும்பினார். தலையைப் பலமாக ஆட்டினார். ரம்பம் அறுப்பதுபோல் கையை இழுத்து இழுத்துக் காட்டினார். இரண்டு கையால் ஒரு முழ நீளம் அளந்து காட்டினார். அடுப்பில் தள்ளுவதுபோலக் காட்டினார். கடைசியாக, கணவர் தொலைபேசியில் பேசும்போது கேட்டுக் கேட்டுப் பழகிய ஒரே சொல்லைச் சொன்னார்.

"சி, சி."

முதன்முதலில் அந்தச் சொல்லைக் கேட்டபோது, கணவர் யாரையோ சீ சீ என்று விரட்டுகிறார் என்று அவர் நினைத்திருந்தார். ஆமாம் என்று அர்த்தம் என்பது இப்போது தெரியும்.

தச்சரின் முகம் மலர்ந்தது. மறுபடி நெஞ்சில் கை வைத்தார். கண்ணாடிக்காரர் அவசரமாக "இல்லை" என்று வாய் திறப்பதற்குள் சலூன்காரம்மா குறுக்கே ஒரு கேள்வி போட்டார். "பால் பொங்கி வழியணும்னு சொன்னீங்களே. வேணும்னே வழிய விடுறதா? எங்கம்மாவா இருந்தா கரண்டியாலேயே போடுவாங்க."

கேள்வி தமிழுக்கு வந்ததும் வீட்டம்மா சிரித்தார். "மத்த நாள்ல பொங்கினா திட்டு. அன்னிக்குப் பொங்கலன்னா திட்டு. வருஷம் முழுக்க வீடு நிறைஞ்சு வழியணும்னு அர்த்தம். அது வழியும்போதுதான் எல்லாரும் பொங்கலோ பொங்கல்னு கத்தணும். வழியலன்னா மனசே விட்டுப்போயிடும்னு சொல்லுங்க."

அதைக் கண்ணாடிக்காரர் ஒன்றுக்கு நாலாகச் சொன்னார். தன் ஸ்பானிஷ் இவ்வளவு அழகாக ஓடுவதைக் கேட்டு அவரே மயங்கினார். பானை வழியாத வீட்டில் அடுத்த தை வரைக்கும் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று சொந்தச் சரக்கும் சேர்த்தார். சலூன்காரம்மா பயந்தேபோனார். இந்த மயக்கத்தில் நாற்காலி விஷயம் நழுவிவிட்டது. அவர்கள் போன பிறகுதான் பகீரென்றது.

நாளைக்குப் பட்டறைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று தேற்றிக்கொண்டார். ஆனால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் கடையில் கூட்டம். போகி அன்று கடை விடுமுறை, வீட்டம்மாவிடம் விடுமுறை இல்லை. காலையிலிருந்து மின்விசிறி துடைப்பது, பரண் இறக்குவது, பரண் ஏற்றுவது, திரைச்சீலை கழற்றுவது, அதையே மாட்டுவது. வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியபோது ஸ்டூலில் நின்றபடியே தச்சருக்கு போன் போட்டார்.

எதிர்முனையில் ரம்பம் போட்ட இரைச்சலில் காது கிழிந்தது.

"நாற்காலி!" என்று கத்தினார். "நாற்காலி பத்திரம்!"

"சி, சி," என்று தச்சர் இரைச்சலுக்கு நடுவே உற்சாகமாகக் கத்தினார். "எல்லாம் தயார். மன்யானா!"

மன்யானா என்றால் நாளை. தயார் என்றால் தயார். கண்ணாடிக்காரருக்கு நிம்மதியாக இருந்தது. இந்தப் பண்டிகை நாளிலும் ஓயாமல் அறுத்துக்கொண்டிருக்கிறாரே, என்ன உழைப்பாளி என்று வியந்தார்.

பொங்கல் காலை. குடியிருப்பின் பின்கட்டு முற்றத்தில் வீட்டம்மா புள்ளி வைத்துக் கோலம் போட்டு, நடுவே செங்கல் கூட்டி அடுப்பு வைத்திருந்தார். புதுப் பானையின் கழுத்தில் இலையோடு கூடிய மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் கட்டியிருந்தது. பானைக்குத் திருநீறும் குங்குமமும். இருபுறமும் தோகையோடு கரும்பு. முன்னால் வாழை இலையில் வாழைப்பழம், தேங்காய், பூசணிக்கீற்று, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மொச்சையும் காயும் போட்ட கூட்டு அடுக்களையில் தயாராக இருந்தது. கண்ணாடிக்காரர் புது வேட்டியில் குச்சியோடு நின்றார். வேடிக்கை பார்க்க மாடிக்காரர்கள் எல்லாம் இறங்கி வந்திருந்தார்கள்.

தச்சரும் சலூன்காரம்மாவும் வந்தார்கள். சலூன்காரம்மா மல்லிகைச் சரம் வைத்திருந்தார். தச்சர் இரண்டு கையிலும் ஏந்தி வந்தது ஒரு விறகுக் கட்டு. எல்லாம் ஒரே நீளம். ஓரங்கள் வழவழவென்று தேய்த்திருந்தன. சிவப்பு ரிப்பன் வேறு. நாற்காலி பின்னால் வண்டியில் வரும் என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார்.

"குனிஞ்சு அடுப்பைக் கவனிங்க. நீங்கதான் வீட்டு ஆம்பிளை," என்றார் வீட்டம்மா. அவர் பால் ஊற்றினார். கண்ணாடிக்காரர் அடுப்பருகே உட்கார்ந்து, முகத்தைக் கூட்டத்தின் பக்கம் வைத்துக்கொண்டார். வீட்டம்மா ரிப்பனை அவிழ்த்து ஒவ்வொரு குச்சியாக நீட்ட, வாங்கி அடுப்பில் செருகிக்கொண்டே ஸ்பானிஷில் விளக்கவுரை நிகழ்த்தினார்.

"இது கூர்க்குமா, மஞ்சள். இது கான்யா, கரும்பு. பானை கிழக்கைப் பார்த்து வழிஞ்சா விசேஷம். முதல்ல பால். பால் பொங்கினதும் வீட்டுக்காரம்மா புது அரிசியை மூணு தடவை கையால அள்ளிப் போடுவாங்க. அப்புறம் பருப்பு. வெந்ததும் வெல்லம். கடைசியா நெய்யில வறுத்த முந்திரி. முதல் பங்கு சூரியனுக்கு, சோலுக்கு."

விறகு நன்றாக எரிந்தது. வருஷக்கணக்காகக் காய்ந்த மரம். பால் விளிம்பு வரை எழும்பியது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தீ தணிந்தது. பால் தயங்கி உள்ளே இறங்கியது.

"ஐயோ," என்றார் சலூன்காரம்மா. அடுத்த தை வரை யாரும் சிரிக்காத வீடு அவர் கண்முன் தெரிந்தது.

"விறகு," என்று கண்ணாடிக்காரர் பின்னால் கை நீட்டினார்.

கடைசிக் குச்சி கையில் வந்தது. உள்ளங்கைக்கு அது பழக்கமான வழவழப்பாக இருந்தது. குனிந்து பார்த்தார். தட்டையான மரம். அதில் வட்டமாக ஒரு கறை.

ரொம்ப நேரம் அந்தக் கறையைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். உள்ளே செக்கச்செவேலென்று, தலை நீட்டிய ஒரு ஆணி மின்னியது. தச்சரை நிமிர்ந்து பார்த்தார். தச்சர் கண்ணீரும் சிரிப்புமாக, சடங்கைப் பிசகாமல் செய்துமுடித்த திருப்தியில் நின்றார். மனைவியைப் பார்த்தார். வீட்டம்மா பானையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க யோசனை? பால் இறங்குது."

கூட்டம் முழுக்க அவர் கையைப் பார்த்தது. பானை வழியாவிட்டால் என்ன ஆகும் என்று விருந்தாளிகளுக்கு மனப்பாடமாகும்படி சொல்லிவைத்தவர் அவரேதான். சலூன்காரம்மா கையைக் கூப்பியே விட்டார். கண்ணாடிக்காரர் கறையை ஒருமுறை கட்டைவிரலால் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தள்ளினார்.

நல்ல மரம். பக்கென்று பிடித்துக்கொண்டது. நுரை எழும்பி, விளிம்பைத் தாண்டி, மஞ்சள் கொத்தை நனைத்துக்கொண்டு கிழக்குப் பக்கமாக வழிந்தது.

"பொங்கலோ பொங்கல்!" என்று வீட்டம்மா குரல் எழுப்ப, தச்சரும் சலூன்காரம்மாவும் பயிற்சி எடுத்தவர்கள்போலக் கத்தினார்கள். மாடிக்காரர்களும் கத்தினார்கள். கண்ணாடிக்காரரின் குரலும் அதில் இருந்தது. அது கொஞ்சம் உடைந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. புகையில் கண்ணீர் வந்தால் யார் கேட்கப்போகிறார்கள். தச்சர் மட்டும் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, இவ்வளவு அழகான வழக்கத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார்.

சர்க்கரைப் பொங்கல் அபாரமாக இருந்தது. கண்ணாடிக்காரர் துக்கத்தில் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

விருந்தாளிகள் போன பிறகு, பழக்க தோஷத்தில் ஜன்னல் பக்கம் நடந்தார். ஜன்னல் ஓரத்தில் தையல் மிஷின் இருந்தது. எப்போது நகர்ந்ததோ. வீட்டம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, வெளிச்சத்தில் ஊசியைத் தூக்கிப் பிடித்து, ஒரே முயற்சியில் நூல் கோத்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கண்ணாடிக்காரர் பார்த்தார். ரவிக்கைத் துணிக்கு அது எவ்வளவு நல்ல வெளிச்சம் என்பது அன்றுதான் அவர் கண்ணில் பட்டது. கோபித்துக்கொள்ளலாம் என்று வந்தவருக்குக் கோபம் சரியாகக் கிளம்பவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

"எது?"

"நாற்காலி அங்க இருக்குன்னு."

"இத்தனை வருஷ நாற்காலியைத் தூக்கிப் போட்டவரு அழுவாரு. நீங்க ரெண்டாவது காபி கேட்டீங்க. சட்டைப் பைல மரத்தூள். அப்பவே பாதி தெரியும்."

"மீதி?"

"விறகு வேணுமான்னு கேக்குறாருன்னு சொன்னீங்க. அந்த மனுஷன் கையை நீட்டி, முதுகைச் சாய்ச்சு, கண்ணை மூடிக் காட்டினாரு. எந்த விறகுங்க சாயும்?"

கண்ணாடிக்காரர் தலையைச் சொறிந்தார். வெறும் தரையைப் பார்த்தார். முட்டுக் கொடுத்த கண்ணாடிப் பெட்டி மட்டும் அனாதையாகச் சுவரோரம் கிடந்தது.

"அது சரி. இனிமே நான் எதுல உட்காருறது?"

வீட்டம்மா மிஷினை ஓட்ட ஆரம்பித்தார்.

"நாளைக்கு மாட்டுப் பொங்கல். குளிப்பாட்டி, பொட்டு வெச்சு, மாலை போட்டு, பொங்கல் ஊட்டி விடுறேன். நாற்காலி எல்லாம் அதுக்கு எதுக்குங்க?"